பிசியோ அனுமதி என்றால் பழைய எடை அல்ல

"முட்டியில ஏசிஎல் லிகமென்ட் அறுவைக்கு அப்புறம் பிசியோ ஓகே சொல்லிட்டா லிகமென்ட் செட் ஆயிடுச்சுன்னு அர்த்தம். நேரா பழைய ஸ்குவாட் எடைக்கே போகலாம்."

இல்லைங்க, அந்த அனுமதி எடைப் பயிற்சியைத் தொடங்கத்தான். ஏசிஎல் அறுவையில் கிழிந்த லிகமென்டுக்குப் பதிலாக வைத்த தசைநாண் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். வலி அதற்கு வெகு முன்பே போய்விடும், ஏமாறுவது அங்கேதான்.

எனக்கு ஐந்தாம் மாதம் 60 கிலோ ஸ்குவாட் சுலபமாக வந்தது. வீடியோவில் பார்த்தால் இடுப்பு நல்ல கால் பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒற்றைக்கால் லெக் பிரஸ்ஸில் நல்ல கால் 50 கிலோவை எட்டு முறை தள்ளியது, அறுவை செய்த கால் 30 கிலோவைத்தான். அதன்பின் பல வாரம் ஒற்றைக்கால் பயிற்சிதான். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் வந்த பிறகே பிசியோ குதிக்க விட்டார்.

இன்னொருவர் "வலி இல்லேன்னா ஏத்தலாம்" என்கிறார். பாதி சரி. மறுநாள் காலை முட்டி வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீங்கினால் முந்தைய எடைக்கு இறங்குங்கள்.

முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பில் தையல் போட்டவர்களுக்கு: ஆழமாக உட்கார்வதில் உங்கள் கணக்கு வேறு, அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். லெக் எக்ஸ்டென்ஷனை எப்போது தொடங்குவது என்பதில் பிசியோக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.