கேள்விக்குறியும் அறிக்கையின் ஒரு பகுதிதான்

மும்பை சயானில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் அறிக்கை தயாரிப்பது என் வேலை. நோயாளியை ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி இயந்திரம் தரும் அச்சுத்தாளையும், அதன் ஓரத்தில் டாக்டர் கிறுக்கி வைத்திருக்கும் இரண்டு வரிகளையும் சேர்த்து, நோயாளி கையில் கொண்டுபோகும் ஒரு பக்கமாக ஆக்க வேண்டும். இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு எழுத்துப்பிழை அல்ல, இயந்திரம் தாளின் அடியில் தானாக அச்சிடும் 'ரெஸ்ட்ரிக்டிவ்', அதாவது நுரையீரல் சுருக்கம், என்ற சொல்லை அப்படியே பெயர்த்து எழுதுவதுதான் என்பது என் கருத்து.

சென்ற மாதம் தாராவியிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். வயது 61, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது ஆண்டுகளாக விறகடுப்பில் இட்லி அவித்து விற்பவர். வேறோர் இடத்தில் எடுத்த அறிக்கையையும் அச்சுத்தாளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். FVC, அதாவது ஆழமாக இழுத்த மூச்சை முழுவதும் ஊதித் தள்ளிய அளவு, 1.30 லிட்டர், அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 62 சதவீதம். முதல் வினாடியில் வெளியேறிய FEV1 1.00 லிட்டர். FEV1ஐ FVCயால் வகுத்தால் 0.77. விகிதம் இயல்பு, மொத்த அளவு குறைவு, ஆகவே ரெஸ்ட்ரிக்டிவ் என்று இயந்திரம் சொல்லிவிட்டது. அறிக்கையும் அதையே சொன்னது. நுரையீரல் தழும்பேறியிருக்கிறதா என்று பார்க்க சி.டி. எடுக்கவும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதே அச்சுத்தாளின் ஓரத்தில் அங்கிருந்த டாக்டர் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'இரு பக்கமும் வீசிங்' என்றும் எழுதியிருந்தார். அறிக்கையில் கேள்விக்குறியும் இல்லை, வீசிங்கும் இல்லை.

எண்களைப் பார்க்குமுன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை. ஆச்சி ஊதிய நேரம் 2.1 வினாடிதான். நேரத்துக்கு எதிரே அளவைக் காட்டும் கோடு கடைசியில் மட்டமாகப் படுக்க வேண்டும். கடைசி ஒரு வினாடியில் 25 மில்லி லிட்டருக்கும் குறைவாகவே ஏறியிருந்தால் காற்று தீர்ந்தது என்று கொள்ளலாம். இந்தக் கோடோ ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்திருந்தது. அடைப்பு உள்ள மூச்சுக்குழாயில் காற்று கடைசிவரை இழுத்து இழுத்துத்தான் வரும். பாதியில் நிறுத்தினால் முதல் வினாடியின் அளவு மாறாது. வகுக்கும் எண்ணான FVC மட்டும் குறையும். விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும். அடைப்பு நோய் சுருக்க நோயாக வேடம் போடுவது இப்படித்தான்.

எங்கள் கிளினிக்கில் ஆச்சியை மறுபடி ஊதச் சொன்னார்கள். டெக்னீஷியன் 'பூங்கோ, பூங்கோ' என்று இந்தியில் உரக்கச் சொல்ல, ஆச்சி அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து வாயை எடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். "நிறுத்தாதீங்க ஆச்சி, இன்னும், இன்னும், அடுப்பு ஊதுற மாதிரி" என்று பக்கத்தில் நின்று சொன்னேன். ஒன்பது வினாடி ஊதினார். அதே போல் மூன்று முறை. பெரிய இரண்டு அளவுகளுக்கும் இடையே 150 மில்லி லிட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை என்பதைச் சரிபார்த்தோம். FVC 1.78, எதிர்பார்ப்பில் 85 சதவீதம். FEV1 1.02. விகிதம் 0.57, அவர் வயதுக்குரிய கீழ் எல்லைக்கும் வெகு கீழே. சுருக்கம் காணாமல் போய், அடைப்பு வெளிவந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் கொடுத்துப் பார்த்ததில் FEV1 1.10 வரைதான் ஏறியது. 80 மில்லி லிட்டர் உயர்வைக் குறிப்பிடத்தக்க மாற்றம் என்று எழுத முடியாது.

எங்கள் டாக்டரின் கிறுக்கலில் இருந்தவை: கீழ்நோக்கிய அம்பு, 'ரேஷியோ', 'எஸ்/ஓ', 'விறகடுப்பு', நாள்பட்ட மூச்சு அடைப்பு நோயான 'சிஓபிடி' என்பதற்கு முன் ஒரு கேள்விக்குறி. (புதிதாக வந்த பையன் ஒருவன் 'எஸ்/ஓ' என்பதை 'இன்னாரின் மகன்' என்று அடித்துவிட்டு, தகப்பன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். 'இருக்கலாம் எனக் காட்டுகிறது' என்பதே அதன் பொருள்.) நான் எழுதிய முடிவுப் பத்தி இது: 'மூன்று ஊதல்களும் ஏற்கத்தக்கவை. மூச்சுக்குழாய் அடைப்பு உள்ளது. மருந்துக்குப் பின் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. விறகுப் புகை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க, சிஓபிடி இருக்கலாம். முந்தைய சோதனையில் ஊதல் முழுமையடையாததால் அதன் FVC அளவை ஒப்பிட முடியாது.'

உண்மையிலேயே கோடு மட்டமாகி, FVC குறைந்து, விகிதம் இயல்பாக இருந்தாலும் நான் 'ரெஸ்ட்ரிக்‌ஷன் உள்ளது' என்று எழுதுவதில்லை. 'இருக்கக்கூடும், மொத்த நுரையீரல் கொள்ளளவு பார்த்து உறுதிசெய்யவும்' என்றே எழுதுகிறேன். ஊதி முடித்த பிறகும் உள்ளே தங்கும் காற்றை ஸ்பைரோமெட்ரி அளப்பதே இல்லை. விகிதமும் FVCயும் சேர்ந்து குறைந்திருக்கும் தாளில் 'மிக்ஸ்டு', அதாவது அடைப்பும் சுருக்கமும் சேர்ந்தது, என்று அடிப்பதும் இதே அவசரம்தான். அடைப்பில் சிக்கிய காற்று வெளியேறாமல் தங்குவதாலும் FVC குறையும்.

ஆச்சியின் சி.டி. சீட்டை எங்கள் டாக்டர் ரத்து செய்துவிட்டு இன்ஹேலர் எழுதினார். பழைய அச்சுத்தாளை நான் கோப்பில் வைத்திருக்கிறேன், அந்தக் கேள்விக்குறியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமிட்டு.