வண்டி திருடு போனால் முதல் ஃபோன் யாருக்கு?

வண்டி இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்றாலே போலீஸ் புகார் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். எதற்குமே வேண்டாம், கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று வேறு சிலர் இருக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. சுவரில் இடித்து பம்பர் உடைந்தது, வாசலில் நின்ற வண்டி சாய்ந்து கண்ணாடி போனது மாதிரியான சொந்தச் சேதத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர் கேட்க மாட்டார்கள். கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் வந்து பார்த்தால் போதும். வண்டி திருடு போனாலோ, யாராவது வேண்டுமென்றே கொளுத்தினாலோ அடித்து நொறுக்கினாலோ, விபத்தில் இன்னொருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ, அடுத்தவர் சொத்து பெரிய அளவில் சேதமானாலோ போலீஸ் பதிவு இல்லாமல் கோப்பு நகராது.

இதில் ஆளுக்குக் காயம் என்றால் அது பாலிசி நிபந்தனை மட்டுமல்ல, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்ய வேண்டும். நடந்ததை அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "ஐயாயிரம் கொடுத்துப் பேசி முடிச்சாச்சு" என்று வீட்டுக்குப் போய்விட்டால், அதே ஆள் பிறகு தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு மனு போடும்போது நம் பக்கத்தில் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. அடிபட்டவருக்கும் அதே நிலைதான். எந்த வண்டி மோதியது என்பதை நிரூபிக்கவே அவர் அல்லாட வேண்டியிருக்கும்.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது திருட்டைப் பற்றி. மோட்டார் க்ளெய்ம் கோப்புகளோடு புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நியாயமான க்ளெய்ம்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். கம்பெனி காரணமாகக் காட்டுவதும் பெரும்பாலும் ஒன்றுதான்: தாமதம்.

எனக்குத் தெரிந்த ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் பைக் ஒரு சனிக்கிழமை இரவு காணாமல் போனது. அக்கம்பக்கத்தில் தேடினார், 100-க்கு ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போட்டார். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனால், "ரெண்டு நாள் நல்லா தேடிப் பாருங்க, யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் எந்தக் காகிதமும் இல்லை. வியாழக்கிழமை மறுபடியும் போய் நின்றபோது ஒரு சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் எஃப்.ஐ.ஆர் ஆனது. திருட்டு நடந்து பத்து நாள்.

எஃப்.ஐ.ஆர் படிவத்தை எடுத்துப் பார்த்தால் மூன்றாவது எண்ணில் குற்றம் நடந்த தேதி, நேரமும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த தேதி, நேரமும் தனித்தனியாக இருக்கும். எட்டாவது எண்ணில் இன்னொரு கட்டம் உண்டு. புகார் தாமதமாக வந்திருந்தால் அதற்கு என்ன காரணம் என்று எழுதும் இடம் அது. மெக்கானிக்கின் எஃப்.ஐ.ஆரில் தகவல் வந்த தேதி அந்தச் செவ்வாய்க்கிழமை என்றே இருந்தது. எட்டாவது கட்டம் காலி. கம்பெனிக்காரர் கண் முதலில் போவது இந்த இரண்டு இடத்துக்குத்தான். பத்து நாள் சும்மா இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் அந்தக் காகிதம் சொல்கிறது. அவர் மூன்று முறை படியேறியது அதில் எங்கேயும் இல்லை. "உடனடியாகப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டது" என்று கடிதம் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புகார் கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்பியது ஒருவர். அதற்கான தண்டனை வண்டியை இழந்தவனுக்கு. திருட்டு மாதிரியான, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இன்னும் தெளிவாக இருக்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்க வேண்டும். மின்னணு முறையிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் அது பதிவாகும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். ஸ்டேஷனில் மறுத்தால் அதே விவரத்தை எழுதி எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம், அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இத்தனை இருந்தும் "ரெண்டு நாள் பாருங்க" என்ற பேச்சு நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர் கையில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சி.எஸ்.ஆர் என்பது உங்கள் புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு பதிவானதற்கு ஆதாரம் எஃப்.ஐ.ஆர். திருட்டு க்ளெய்முக்கு சி.எஸ்.ஆர் மட்டும் போதாது. அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. எஃப்.ஐ.ஆர் தள்ளிப்போனால், நீங்கள் எந்தத் தேதியில் வந்து சொன்னீர்கள் என்பதற்கு அந்தச் சின்னச் சீட்டுதான் சாட்சி. சி.எஸ்.ஆர்கூடக் கிடைக்கவில்லை என்றால், அன்றைக்கே புகாரைப் பதிவுத் தபாலில் ஸ்டேஷனுக்கும் எஸ்.பி அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எஃப்.ஐ.ஆர் எழுதும்போது, "முதலில் எப்போது வந்து சொன்னேன் என்பதையும் தாமதக் காரணத்தில் எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் புகார் மனுவிலேயே அந்த வரி இருந்தால் இன்னும் நல்லது, மனு எஃப்.ஐ.ஆரோடு சேர்ந்துதான் போகும்.

போலீசுக்கு முதலிலா, கம்பெனிக்கு முதலிலா என்ற கேள்விக்கு நீதிமன்றங்களே வெகுநாள் வேறு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தன. குர்ஷிந்தர் சிங் என்பவரின் டிராக்டர் 2010 அக்டோபரில் திருடு போனது. அன்றைக்கே எஃப்.ஐ.ஆர் ஆகிவிட்டது, ஆனால் கம்பெனிக்கு அவர் சொன்னது 52 நாள் கழித்து. கம்பெனி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்கள் சொன்ன காரணத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து என்றால் சேதத்தை மதிப்பிட சர்வேயர் உடனே வர வேண்டும், அதனால் கம்பெனிக்குச் சீக்கிரம் சொல்வது முக்கியம். திருட்டில் மதிப்பிட வண்டியே அங்கே இல்லை. தேடவும் விசாரிக்கவும் முடிந்தது போலீசால்தான். எஃப்.ஐ.ஆர் உடனே பதிவாகி, திருட்டு உண்மை என்றும் தெரிந்த பிறகு, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி, "தாமதமானாலும் பணம் வரும்" என்று சிலர் பரப்புகிறார்கள். தவறு. அது மன்னித்தது கம்பெனிக்குச் சொன்ன தாமதத்தை. போலீசுக்குச் சொன்ன தாமதத்தை அல்ல. அதனால் முதல் ஃபோன் 100 அல்லது 112-க்கு, அடுத்தது ஸ்டேஷன், அப்புறம் அன்றைக்கே கம்பெனியின் க்ளெய்ம் எண்ணுக்கு. 100-க்குச் செய்த அழைப்பு ஃபோனில் பதிவாக இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மெக்கானிக்கைக் காப்பாற்றியது அதுதான். சனிக்கிழமை இரவு 100-க்குப் பேசிய அழைப்புப் பதிவு, ஞாயிறு அனுப்பிய ஈமெயில், வியாழக்கிழமை தேதியிட்ட சி.எஸ்.ஆர், மூன்றையும் ஒரு கடிதத்தோடு சேர்த்து கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு அனுப்பினோம். தாமதத்தை மட்டும் வைத்து இயந்திரத்தனமாக க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருப்பதையும் குறிப்பிட்டோம். அங்கேயும் மறுத்திருந்தால் அடுத்து இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன், அதற்குக் கட்டணம் கிடையாது. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. பாலிசியில் வண்டியின் மதிப்பாகக் குறித்திருந்த ஐ.டி.வி 58,000 ரூபாய். இரண்டு சக்கர வண்டிக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 100 ரூபாய் போக 57,900 வந்தது.

புகாரில் எழுதும் ஒவ்வொரு வரியும் பிறகு கம்பெனியிடம் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும். குறிப்பாகச் சாவி. சாவி வண்டியிலேயே இருந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். பயந்துபோய் "சாவி என்னிடம்தான் இருந்தது" என்று எழுதிவிட்டு, கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும்போது ஒன்றை மட்டும் நீட்டினால் முழுக் க்ளெய்மும் சந்தேகத்துக்குள் போய்விடும். உண்மையைச் சொன்னால் வழி இருக்கிறது. ஒரு லாரியின் ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வழி விசாரிக்க இறங்கியபோது லாரி திருடு போன அசோக் குமார் வழக்கில், 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகையைக் கொடுக்கச் சொன்னது. கவனக்குறைவுக்குக் கால் பங்கு போயிற்று. பொய் சொல்லியிருந்தால் அந்த முக்கால் பங்கும் கிடைத்திருக்குமா?

எஃப்.ஐ.ஆர் ஆனதும் பணம் வந்துவிடாது. போலீஸ் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் இறுதி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். நம் பக்கம் இதை நான்-டிரேஸபிள் சர்டிபிகேட் என்கிறார்கள். இதற்குச் சில மாதம் ஆகும், யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் வண்டி திருடு போனதை ஆர்.டி.ஓ-வுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். உங்கள் வண்டியை வைத்து யாராவது ஏதாவது செய்தால் உங்கள் பெயருக்குத்தான் தேடி வருவார்கள். ஆர்.சி புத்தகம், பாலிசி, இரண்டு சாவி, உரிமை மாற்றத்துக்கான படிவங்கள், கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்று எல்லாம் கம்பெனிக்குப் போகும்.

பணம் வருவதற்கு முன்பே வண்டி கிடைத்துவிட்டால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். நீதிமன்றம் வழியாக வண்டியை விடுவித்து, பூட்டு உடைந்தது, பாகங்கள் கழன்றது போன்றவற்றுக்கு அதே எஃப்.ஐ.ஆரை வைத்துச் சேத க்ளெய்ம் கேட்கலாம். பணம் வாங்கிய பிறகு கிடைத்தால் வண்டி கம்பெனிக்குச் சொந்தம், ஸ்டேஷனிலிருந்து வரும் அந்தத் தகவலையும் நீங்கள்தான் அவர்களுக்குச் சேர்க்க வேண்டும்.