‘நிராகரிக்கப்படவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று பொருளா?

சென்ற சனிக்கிழமை சித்தூர்ப் பக்கம் நடந்த கருத்தரங்கைப் பற்றி என் நட்பு வட்டத்தில் பலருக்கும் தெரியும். ஒளிப்பதிவையும் பார்த்திருப்பீர்கள். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “மாஷுக்கு எதிலும் சந்தேகம்தான்” என்று மேடையிலிருந்து பதில் வந்தது, அரங்கமும் சிரித்தது. சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் கேள்வி அங்கேயே கிடக்கிறது.

ஆய்வாளர் சொன்னது இதுதான்: ஒரே விவசாயிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுத் திரட்டிய பேனல் தரவு, தென்னைக்கு இடும் எருச் செலவு கூடினால் மரத்துக்கு எத்தனை காய் கூடும் என்பது கேள்வி, ஹவுஸ்மன் சோதனையின் பி-மதிப்பு 0.05-க்கு மேல் வந்தது, “ஆகவே விவசாயிகளின் தனித்தன்மைக்கும் எருச் செலவுக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகிவிட்டது, ரேண்டம் எஃபெக்ட்ஸ் முடிவே சரி.” இந்த ‘ஆகவே’தான் என்னை இரண்டு நாட்களாகத் தூங்கவிடவில்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தோப்புக்கும் அடுத்த தோப்புக்கும் உள்ள முதல் வேறுபாடு, ஒன்று தலைமடையில் இருக்கிறது, மற்றது கடைமடையில் இருக்கிறது என்பதுதான். வாய்க்கால் தண்ணீர் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை உள்ளவர் துணிந்து எரு வைக்கிறார். என் தந்தையாரின் தோப்பு கடைமடை. “தண்ணி வருமான்னு தெரியாம எருவ எதுக்குடா கொட்டணும்?” என்று கேட்டே எருச் செலவை அவர் பாதியில் நிறுத்தியிருக்கிறார். தலைமடைக்காரர் தோப்பில் காய் அதிகம். அதில் எருவின் பங்கு எவ்வளவு, தண்ணீரின் பங்கு எவ்வளவு? ஆய்வின் வினாத்தாளில் மடையைப் பற்றிய கேள்வியே கிடையாது. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் ஒவ்வொரு விவசாயியையும் அவருடைய சொந்தச் சராசரியோடு மட்டுமே ஒப்பிடுகிறது. அதனால் ஐந்து ஆண்டும் மாறாத மடை கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. ரேண்டம் எஃபெக்ட்ஸ் தோப்புக்குத் தோப்பு உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்கிறது. மாறாத தன்மைக்கும் எருவுக்கும் தொடர்பில்லை என்பது உண்மையானால் அதன் மதிப்பீடு சரியானது, துல்லியமும் கூடியது. தொடர்பு இருந்தால் தண்ணீரின் பலனை எருவின் கணக்கில் எழுதிவிடும். இரண்டு மதிப்பீடுகளும் தற்செயலால் விளக்க முடியாத அளவுக்கு விலகுகின்றனவா என்று பார்ப்பதுதான் 1978-இல் ஜெர்ரி ஹவுஸ்மன் முன்வைத்த சோதனை. ஒரே காரணி இருக்கும்போது அது இவ்வளவுதான்:

```
H = (b_FE - b_RE)^2 / (V_FE - V_RE)
```

இதில் b என்பது மதிப்பீடு, V என்பது அதன் மாறளவு, அதாவது திட்டப் பிழையின் வர்க்கம். கருத்தரங்கில் பேசிய ஆய்வாளருடைய எண்களை இங்கே போடுவது முறையல்ல. நானே எண்களை வைத்துக் காட்டுகிறேன். மரத்துக்கு 100 ரூபாய் எருச் செலவு கூடினால் ரேண்டம் கணக்கில் 8 காய் கூடுகிறது, திட்டப் பிழை 1.6. ஃபிக்ஸட் கணக்கில் 4.8 காய், திட்டப் பிழை 3.6. வேறுபாடு 3.2, அதன் வர்க்கம் 10.24. மாறளவுகளின் வேறுபாடு 12.96-இலிருந்து 2.56 போக 10.4. வகுத்தால் H ஏறத்தாழ 0.98, பி-மதிப்பு 0.32. 0.05-க்கு மேல் வந்ததால், தொடர்பில்லை என்ற கருதுகோள் “நிராகரிக்கப்படவில்லை” என்று எழுதிவிட்டு மதிய உணவுக்குப் போய்விடலாம்.

போகாமல் ஒரு நிமிடம் உட்காருங்கள். அந்த 3.2 காய் வேறுபாட்டின் திட்டப் பிழை 3.2-க்குச் சற்று மேல். எனவே 95 சதவீத இடைவெளி சுமார் -3.1 முதல் 9.5 வரை போகிறது. அதாவது ரேண்டம் மதிப்பீடு 9.5 காய் வரை மிகைப்பட்டிருந்தாலும் இந்தத் தரவு மறுப்புச் சொல்லாது. மதிப்பீடோ மொத்தமே 8 காய். அந்த எட்டும் தண்ணீர் தந்த காயாகவே இருக்கலாம் என்பதற்கு இடம் விட்டு நிற்கும் சோதனையை, தொடர்பில்லை என்பதற்குச் சாட்சியாக எப்படி ஏற்றுவது?

இப்போது அதே 8, அதே 4.8, ஆனால் நான்கு மடங்கு விவசாயிகள். திட்டப் பிழைகள் பாதியாகி 0.8, 1.8 ஆகும். H 3.94, பி-மதிப்பு 0.047. தோப்பும் மாறவில்லை, மடையும் மாறவில்லை, வேறுபாடும் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது. முதல் முறை சோதனை சொன்னது ‘தொடர்பில்லை’ என்பதல்ல, ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்பதுதான். ஃபிக்ஸட் கணக்கின் திட்டப் பிழை ஏன் பெரிதாகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே: ஒரு விவசாயி ஆண்டுக்கு ஆண்டு எருச் செலவை அதிகம் மாற்றுவதில்லை, ஆகவே அவரோடு அவரையே ஒப்பிட அதிகம் ஒன்றும் கிடைப்பதில்லை.

“அப்படியானால் மாஷ் எப்போதும் ஃபிக்ஸட்தானா?” என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவே இல்லை, தம்பி. சோதனை நிராகரித்தாலும் ஃபிக்ஸட் புனிதமாகிவிடாது. காய் குறைந்த ஆண்டில் கையில் பணம் இல்லாமல் அடுத்த ஆண்டு எருவைக் குறைக்கிறவர்கள் நாம். நேற்றைய விளைச்சல் இன்றைய எருவைத் தீர்மானித்தால் ஃபிக்ஸட் மதிப்பீடும் பிழைபடும். அதற்கு ஹவுஸ்மன் சோதனை பொறுப்பேற்காது. போதாததற்குத் தென்னைக்கு இட்ட எரு அந்த ஆண்டே காயாகிவிடுவதில்லை.

“எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்” என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. நானும் செய்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் ஒரு பட்டியலில் ஹவுஸ்மன் சோதனையின் கை-வர்க்க மதிப்பு, அதாவது இந்த H, எதிர்மறையாக வந்தது. வர்க்கம் எப்படி எதிர்மறையாகும் என்று பதறிப்போய்க் கேட்டேன். “அந்த வரியை எடுத்துவிடுங்கள்” என்றார் ஒரு பெரியவர். எடுத்துவிட்டேன். சிறிய மாதிரியில் ஃபிக்ஸட் மாறளவு ரேண்டம் மாறளவைவிடக் குறைவாகக் கணிக்கப்பட்டுவிட்டால் அப்படி வரும் என்பதும், ஒரே விவசாயியின் பிழைகள் ஆண்டுக்கு ஆண்டு தொடர்புடையவையாக இருந்தால் அந்தச் சூத்திரமே பொருந்தாது என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்த வெட்கத்தோடு பேசுகிறேன், மேதாவித்தனத்தோடு அல்ல.

மாறாத காரணிகளின் பங்கை ஃபிக்ஸட் சொல்லாது என்பது மட்டும் நியாயமான மறுப்பு. அதற்கும் 1978-லேயே யாயிர் முண்ட்லாக் வழி சொல்லிவிட்டார்: ஒவ்வொரு விவசாயியின் ஐந்தாண்டு எருச் சராசரியையும் தனிக் காரணியாக ரேண்டம் மாதிரியில் சேர்த்துவிடுங்கள். எருவின் கெழு அப்படியே ஃபிக்ஸட் மதிப்பீடாக வந்து நிற்கும். சராசரியின் கெழு, தோப்புக்குத் தோப்பு உள்ள ஒப்பீடு எவ்வளவு விலகுகிறது என்பதைக் காய்க் கணக்கிலேயே சொல்லும். மடையையும் சேர்த்துக்கொள்ளலாம். விவசாயிவாரியாகத் தொகுத்த திட்டப் பிழையைப் பயன்படுத்தினால் மேலே சொன்ன எதிர்மறைத் தொல்லையும் இல்லை. அந்தக் கெழுவின் இடைவெளி பூஜ்யத்தை ஒட்டிக் குறுகலாக இருந்தால் நானே எழுந்து ரேண்டத்துக்குக் கைதட்டுகிறேன். அகலமாக இருந்தால், ‘இந்தத் தரவால் சொல்ல முடியவில்லை’ என்று எழுதுவதில் என்ன குறைந்துவிடும்?

ஆய்வில் இறுதிப் பரிந்துரையாக, கடைமடை விவசாயிகள் எருச் செலவைக் கூட்ட வேண்டும் என்று இருந்தது. என் தந்தையார் போன்றவர்கள் கடன் வாங்கிக் கொட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அரங்கில் அந்த வரிக்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் கேட்ட கேள்வி: ஃபிக்ஸட் மதிப்பீடும் அதன் திட்டப் பிழையும் எவ்வளவு? திரையில் ரேண்டம் பட்டியலும் பி-மதிப்பும் மட்டுமே இருந்தன. “மின்னஞ்சலில் அனுப்புகிறோம், மாஷே” என்றார்கள். இன்று புதன்கிழமை. இன்னும் வரவில்லை.