யாரென்று தெரியாதவருக்கு எழுதும் முதல் வரி

பெங்களூரில் ஒரு கம்பெனியின் வெண்டர் பேமெண்ட் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். டீமுக்கு ஆள் எடுக்கும்போது எச்.ஆர். முதலில் பார்த்துக் கழித்தது போக மிச்சமிருக்கும் விண்ணப்பங்கள் என்னிடம்தான் வரும், கவர் லெட்டரோடு சேர்த்துத்தான் படிப்பேன். அதில் பாதிக்கு மேல் ‘டியர் சார்’ என்று தொடங்குகின்றன. நான் ஒரு பெண். எனக்கு இதில் கோபம் இல்லை, எழுதும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்ற வருத்தம்தான். போன வாரம் சித்தி மகள் கோவில்பட்டியிலிருந்து வேலை தேடி வந்து எங்கள் கம்மனஹள்ளி வீட்டில் தங்கியிருக்கிறாள், அவளுடைய கவர் லெட்டரிலும் அதே முதல் வரி. அவளோடு உட்கார்ந்து அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் செலவு செய்தோம். அதைத்தான் எழுதுகிறேன்.

அது ஒரு அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலை. இன்வாய்ஸ் சரிபார்ப்பது, டிடிஎஸ் பிடித்தம் பார்ப்பது, வெண்டருக்குப் பணம் போடுவது, அவ்வளவுதான். விளம்பரத்தில் கம்பெனி பெயர் இருந்தது, ஒரு பொதுவான கெரியர்ஸ் மெயில் முகவரி இருந்தது, ஆள் பெயர் எங்கும் இல்லை. “யாருன்னே தெரியாம எப்படிக்கா எழுதுறது? சார்னு போட்டா தப்பா?” என்றாள்.

தப்புதான். படிப்பது பெண்ணாக இருந்தால், இந்த நாற்காலியில் ஒரு ஆண்தான் இருப்பார் என்று நீ முடிவு செய்துவிட்டாய் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கணக்கு வேலைக்கு மனுப் போடும் ஒரு பெண்ணே அப்படி நினைப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகினோமே, எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு அம்மாதான், ஆனாலும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதினால்தான் மார்க். அதே லெட்டரில் மேலே பெறுநர் என்ற இடத்தில் ‘தலைமையாசிரியர் அவர்கள்’ என்று எழுதினோம், அது ஆணுக்கும் பொருந்தும் பெண்ணுக்கும் பொருந்தும். பதவியை எழுதினால் ஆளைத் தெரிய வேண்டியதில்லை என்ற வழி நம் கையிலேயே இருந்தது. இரண்டு வரி தள்ளி அதை மறந்துவிட்டு ‘ஐயா’ போட்டோம்.

சரி, அப்படியானால் சார் போட்டு ஒரு கோடு கிழித்து மேடமும் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அரசு அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் எழுதும்போது அது இன்னும் ஒழுங்கான முறைதான், அங்கே அதையே எழுதுங்கள். தனியார் கம்பெனிக்குப் போகும் கவர் லெட்டரில், எல்லாருக்கும் ஒரே காகிதத்தை அனுப்புகிறேன் என்றுதான் அது சொல்லும். ஆண், பெண் என்று இரண்டு கட்டத்துக்குள் எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் பாலினத்தவரை உச்ச நீதிமன்றம் 2014-லேயே அங்கீகரித்துவிட்டது. ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்பதோ வேறு வகைக் காகிதத்துக்கு உரியது, வேலை பார்த்ததற்கான சான்றிதழ், முகவரிச் சான்று, இப்படி யார் கையில் போய்ச் சேரும் என்று எழுதுபவருக்கே தெரியாதவை. கவர் லெட்டரை வேலைக்கு ஆள் எடுப்பவர்தான் படிப்பார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் முதலில் பெயர் கிடைக்கிறதா என்று தேடினோம். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். விளம்பரத்தைக் கீழிருந்து மேலே படிக்கச் சொன்னேன், ஏனென்றால் உருப்படியான தகவல் பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் ஒளிந்திருக்கும். இதில் இந்த வேலையில் இருப்பவர் அக்கவுண்ட்ஸ் பேயபிள் மேனேஜருக்கு ரிப்போர்ட் செய்வார் என்று ஒரு வரி இருந்தது. ஆள் பெயர் இல்லாவிட்டாலும் பதவியின் பெயர் கிடைத்துவிட்டது. அப்புறம் லிங்க்ட்இனில் அதே விளம்பரத்தைப் பார்த்தோம். போட்டவர் என்று ஒரு பெயர் இருந்தது, அவர் பக்கத்துக்குப் போனால் அவர் வெளியில் இருக்கும் ஒரு கன்சல்டன்சியைச் சேர்ந்தவர். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். விளம்பரம் போட்டவர் வேறு, ஆளைத் தேர்வு செய்பவர் வேறு. கன்சல்டன்ட் பெயரை எழுதி கம்பெனியின் மெயிலுக்கு அனுப்பினால், பிரிப்பவருக்கு அந்தப் பெயர் யாரென்றே தெரியாமல் போகலாம். கம்பெனியின் போர்டு நம்பருக்குப் போன் செய்து, விண்ணப்பத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்கச் சொன்னேன். பெயர் சொல்ல மாட்டோம், மெயிலுக்கு அனுப்புங்கள் என்றார்கள். சில இடங்களில் சொல்வார்கள். சொன்னால் எழுத்துக்கூட்டலையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக அந்தக் கம்பெனி பெயரோடு பதவியையும் சேர்த்துத் தேடியதில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் புனேயில், இன்னொருவர் பெங்களூரில். பெங்களூர்க்காரர் பெயர் கிரண். படம் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் ஹீ, ஷீ என்று போட்டுக்கொள்ளும் வசதி லிங்க்ட்இனில் 2021-லிருந்து இருக்கிறது, அவர் அதையும் போடவில்லை. என் தங்கை உடனே ‘டியர் மிஸ்டர் கிரண்’ என்று அடித்துவிட்டாள்.

நிறுத்தச் சொன்னேன். கர்நாடகத்தில் கிரண் என்றால் ஆணாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும், ஆனால் இதே ஊரில் பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா ஒரு பெண். பஞ்சாபிப் பெயர்களில் இது இன்னும் அதிகம். மன்ப்ரீத், குர்ப்ரீத், ஹர்ப்ரீத் எல்லாம் இரு பாலருக்கும் வைக்கும் பெயர்கள், பின்னால் சிங் என்றோ கவுர் என்றோ வந்தால்தான் தெரியும். சுமன் இங்கே ஒரு மாதிரி, வடக்கே ஒரு மாதிரி. நம் ஊரிலேயே என் பெயர் ஜோதி, என் தாய்மாமா பெயரும் ஜோதி.

என் கதையையும் சொன்னேன். பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்துக்காக இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன், அதுவே ஆபீஸ் மெயிலிலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசிப் பெயரைச் சொல்லி மிஸ்டர் போட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல, எனக்கு ‘டியர் மிஸ்டர் ராமசாமி’ என்று விண்ணப்பம் வருகிறது. ராமசாமி என் அப்பா. தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அவர் பெயரை அந்த வரியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிடுகிறேன், அப்புறம்தான் விண்ணப்பத்துக்குள் போக முடிகிறது. குடும்பப் பெயரை வைத்து அழைக்கும் முறை தமிழ்ப் பெயருக்குச் சரிவராது. அதனால் ஆள் யாரென்று உறுதியாகத் தெரிந்து, ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரியவில்லை என்றால், மிஸ்டர், மிஸ் எதுவும் வேண்டாம், அவர் எழுதிக்கொள்வது போலவே முழுப்பெயரை எழுதிவிடுங்கள். கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், பரவாயில்லை. யாரையும் தப்பாக அழைக்காது.

ஆனால் கிரண் விஷயத்தில் ஆளே உறுதி இல்லை. அந்தப் பக்கத்தை அவர் கடைசியாக எப்போது திருத்தினார் என்று தெரியாது, அவர் வேலையை விட்டுப் போனதால்கூட இந்த விளம்பரம் வந்திருக்கலாம். போனவர் பெயரில் வரும் கடிதத்தை அவர் இடத்துக்கு வந்தவர் படிப்பார். பெயரே இல்லாமல் எழுதுவதைவிட அது மோசம்.

அதனால் பதவிக்குத் திரும்பினோம். ‘டியர் ஹயரிங் மேனேஜர்’ என்றால் எங்கும் செல்லும், ஒன்றும் தோன்றாவிட்டால் அதையே எழுதலாம், என்னிடம் வந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் போகும் வழியை யோசித்துப் பார்த்தோம். முதலில் எச்.ஆரில் ஒருவர் திறப்பார், அப்புறம் மேனேஜருக்குப் போகும், அவர் நேர்காணலில் உட்காரப்போகும் இன்னொருவருக்கும் அனுப்புவார். மூன்று பேருக்கும் பொருந்த வேண்டும், எந்த வேலைக்கு என்றும் தெரிய வேண்டும். கடைசியில் இப்படி எழுதினாள்:

```
Dear Accounts Payable Hiring Team,
```

டிபார்ட்மெண்ட் பெயரை விளம்பரத்தில் இருப்பது போலவே போட்டோம். அவர்கள் அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்கிற இடத்தில் நாம் ஃபைனான்ஸ் என்று எழுதினால் விளம்பரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஆகிவிடும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அடுத்த கம்பெனிக்கு இதே ஃபைலை எடுத்து அனுப்பும்போது டிபார்ட்மெண்ட் பெயர் அப்படியே தங்கிவிடும். பேரோல் வேலைக்கான விண்ணப்பத்தில் பேயபிள் டீமுக்கு வணக்கம் சொல்லி வந்த கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். அனுப்பும் முன் Ctrl+F அடித்து, பழைய கம்பெனி பெயரையும் பழைய டிபார்ட்மெண்ட் பெயரையும் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கடிதத்தின் அடியில் என்ன எழுதுவது என்றும் கேட்டாள். நாம் படித்த பிரிட்டிஷ் முறைப்படி பெயர் தெரியாதவருக்கு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’, பெயர் சொல்லி எழுதினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. மெயிலில் இப்போது அதை யாரும் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. ஃபெய்த்ஃபுலி போட்டாள், சரி என்றேன்.

நான்காம் நாள் பதில் வந்தது, சில ஆவணங்களைக் கேட்டு. அடியில் கையெழுத்தாக ஒரு இனிஷியலும் ஒரு பெயரும், ஆணா பெண்ணா என்று இப்போதும் தெரியவில்லை. “இப்ப டீமுக்கே எழுதவாக்கா, இல்ல இவங்களுக்கா?” என்றாள். இப்போது ஆள் தெரிந்துவிட்டதே, இனி டீம் வேண்டாம் என்றேன். டியர் போட்டு, இனிஷியலோடு அந்தப் பெயரை அவர் எழுதியிருந்தபடியே ஒரு எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டு, கமா வைத்து, ஆவணங்களை இணைத்து அனுப்பினாள்.