எக்சிஃப் இல்லாத படம் எல்லாம் போலியா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சண்டை. யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். தம்பி முறை உறவினர் ஒருவர் அதை ஏதோ ஒரு செயலியில் திறந்து பார்த்துவிட்டு, "இதில் எக்சிஃப்பே இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அழித்திருக்கிறார்கள். போலிப் படம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் பார்த்தது சரி, சொன்னதுதான் தவறு. இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

போன் படம் எடுக்கும்போது, அதே ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில் சில குறிப்புகளையும் எழுதி வைக்கிறது. அதுதான் எக்சிஃப். கேமரா மாடல், எடுத்த நேரம் போன்றவை பொதுவாக இருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் இடமும் சேரும். நான் எடுத்த ஒரு படத்தைக் கணினியில் exiftool என்ற நிரலால் இப்படிப் பார்த்தேன் (எண்களை மாற்றியிருக்கிறேன்):

```
exiftool -gps:all photo.jpg

GPS Latitude            : 12 deg 34' 56.78"
GPS Time Stamp          : 01:42:07
GPS Img Direction       : 214.5
GPS H Positioning Error : 4.7 m
```

அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். இங்கே விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை எழுதியிருப்பதால், அடிக்கணக்கில் துல்லியம் என்று தோன்றும். ஏமாறாதீர்கள். கடைசி வரியைப் பாருங்கள்: போனே 4.7 மீட்டர் வரை பிசகலாம் என்கிறது. வீட்டுக்குள் எடுத்தால் இந்த எண் பல மடங்கு ஏறும். 214.5 என்பது கேமரா பார்த்த திசை, வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணினால் தென்மேற்கு. ஜன்னல் வழியே எடுத்த படமானால், எந்தப் பக்கத்து ஜன்னல் என்பது வரை தெரிந்துவிடும். நேரத்தையும் கவனியுங்கள். ஜிபிஎஸ் எழுதுவது எப்போதும் உலகப் பொது நேரமான யுடிசி நேரம், கேமரா எழுதுவது உள்ளூர் நேரம். நேர மண்டலத்தைக் கழித்த பிறகும் இரண்டும் வெகுவாக விலகி நின்றால், போன் பழைய இடத்தையே எழுதியிருக்க வாய்ப்புண்டு.

இது என்ன செய்யும் என்பதற்கு 2012 டிசம்பர் ஒரு நல்ல சாட்சி. மெக்காஃபி ஆண்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபியைப் பெலீஸ் நாட்டுப் போலீசார் விசாரிக்கத் தேடினார்கள், அவர் தலைமறைவாக இருந்தார். அவருடன் போன பத்திரிகையாளர்கள் ஒரு படம் வெளியிட்டார்கள். ஐபோனில் எடுத்தது, ஜிபிஎஸ் அப்படியே இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்று வாசகர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த எண்களை நானே வேண்டுமென்று மாற்றினேன் என்று முதலில் மழுப்பினார், பிறகு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அந்த மழுப்பலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த எண்களை யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் மாற்றி எழுத முடியும். ஆகவே எக்சிஃப் இருப்பதும் உண்மைக்கு அத்தாட்சி இல்லை.

சரி, நம் குழுப் படத்தில் ஏன் இல்லை? யாரும் அழிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிப் புதிய கோப்பாக எழுதி அனுப்புகிறது. பழைய கோப்பின் குறிப்புகள் அதில் ஏறுவதில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவையும் மற்றவர்கள் பார்க்கும் பிரதியிலிருந்து இவற்றை எடுத்துவிடுகின்றன. (நீங்கள் ஏற்றும்போது கோப்போடு இருந்தது தளத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், அது வேறு கதை.) ஸ்கிரீன்ஷாட்டிலோ கேமரா விவரம் எதுவும் இருக்கவே இருக்காது.

நானே சோதித்தேன். ஒரே படத்தை மூன்று வழியில் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் படமாகப் போனதில் ஜிபிஎஸ் இல்லை, அளவும் சுருங்கியிருந்தது. அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பியபோது எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தது. மின்னஞ்சல் இணைப்பிலும் அதே கதை. "தரம் குறையாமல் வேண்டும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று யாராவது கேட்டால், தரத்தோடு உங்கள் வீட்டு வாசலும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் விருப்பங்களில் இருப்பிடத்தை மட்டும் நீக்கலாம்.

அப்புறம், அந்தத் தம்பி இன்னொன்றையும் ஆதாரமாகக் காட்டினார்: கோப்பின் பெயர். IMG-20240512-WA0003.jpg என்பது போல இருக்கும். மே 12 என்று இருப்பதால் படம் அன்று எடுத்தது என்றார். அது அந்தப் படம் வாட்ஸ்அப் வழியாக அந்தப் போனுக்கு வந்த நாள். பத்து வருடப் பழைய படத்தை இன்று அனுப்பினாலும் இன்றைய தேதிதான் ஏறும்.

முதலில் எடுத்தவரிடம் அசல் கோப்பைக் கேளுங்கள் என்று குழுவில் எழுதினேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, சண்டை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.