திருவெம்பாவையில் இருக்கிற சொல்லை நான் ஏன் சொல்லக்கூடாது?

திருநங்கைகளைப் பற்றியோ தன்பாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றியோ யாராவது நாலு வரி எழுதினால் போதும், கீழே ஒருவர் கட்டாயம் வந்து கேட்பார்: "அலி என்பது நல்ல தமிழ்ச்சொல்தானே, மாணிக்கவாசகரே பாடியிருக்கிறாரே, அதை ஏன் விரட்டுகிறீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் 'பழைய ஆள், விடு' என்று போய்விடுகிறோம். கேள்வி நியாயமானது. பதில் இருக்கிறது.

ஆமாம், அந்தச் சொல் திருவெம்பாவையில் இருக்கிறது. "பெண்ணாகி ஆணாய் அலியாய்ப் பிறங்கொளிசேர் விண்ணாகி மண்ணாகி" என்று மார்கழி விடியலில் பாடுகிறோம். நம்மாழ்வாரும் "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்" என்கிறார். இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லில் ஒரு பொட்டு இழிவு கிடையாது, கடவுளைச் சொல்லப் புகுந்த இடம் அது. அந்த வரிகளை யாரும் திருத்தச் சொல்லவில்லை, திருத்தவும் கூடாது. ஆனால் பழைய இலக்கியத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் முழுதாகத்தான் கூப்பிட வேண்டும். குறளில் 'பேடி' இரண்டு இடத்தில் வருகிறது. அவையில் பேசப் பயப்படுகிறவன் படித்த படிப்பு, போர்க்களத்தில் பேடி கையில் இருக்கிற வாள் போன்றது என்கிறது 727. 614-லும் அதே பேடி, அதே வாள், உதவாத ஒன்றுக்கு உவமை. ஆக, இப்படிப் பிறந்த ஒருவரைக் கையாலாகாதவருக்கு எடுத்துக்காட்டாக்குகிற பழக்கம் சினிமா வந்த பிறகு வந்ததில்லை. 'அந்தக் காலத்தில் மரியாதையாகத்தான் சொன்னோம்' என்பது பாதி உண்மைதான்.

சரி, இன்றைக்கு வருவோம். அந்தச் சொல்லைக் கடைசியாக எங்கே கேட்டீர்கள்? பெரும்பாலும் ஒரு ஆண் இன்னொரு ஆணைத் திட்டும்போது கேட்டிருப்பீர்கள். 'பொட்டை', 'ஒன்பது' எல்லாம் அப்படித்தான். ஒன்பது என்கிற எண்ணில் என்ன கெட்ட அர்த்தம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் நடையில் கொஞ்சம் நளினம் இருக்கிற பையனைப் பார்த்து வகுப்பே அந்த எண்ணைச் சொல்லிச் சிரிக்கும்போது, அகராதியைப் புரட்டி அவனுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. ஒருவரைக் குறிக்கிற சொல், சம்பந்தமே இல்லாத வேறொருவரை அவமானப்படுத்தப் பயன்படுகிறதா? பயன்படுகிறது என்றால், உரியவரை நோக்கி எவ்வளவு பவ்யமாகச் சொன்னாலும் அந்த வாடை போகாது. 'திருநங்கை' என்று சொல்லி யாரும் யாரையும் தெருச்சண்டையில் திட்டுவதை நான் கேட்டதில்லை. இனிமேல் திட்டலாம், அப்போது பார்த்துக்கொள்வோம்.

நல்ல எண்ணத்தோடு வந்த சொல்லும் பழசாகும் என்பதற்கு 'அரவாணி' இருக்கிறது. வசவுச் சொற்களுக்கு மாற்றாக வந்த சொல் அது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவில் அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிற சடங்கிலிருந்து எடுத்தது. 2008-ல் தமிழக அரசு தனி வாரியம் அமைத்தபோதுகூட 'அரவாணிகள் நல வாரியம்' என்றுதான் பெயர். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு முஸ்லிம் திருநங்கைக்கோ கிறிஸ்தவத் திருநங்கைக்கோ அந்தப் புராணத்தில் என்ன இடம்? கூவாகத்துக்கே போகாதவரை எதற்கு ஒரு நாள் மனைவி, மறுநாள் கைம்பெண் என்கிற கதைக்குள் அடைக்க வேண்டும்? நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் முன்வைத்த 'திருநங்கை' என்ற சொல் நிலைத்ததற்கு அதில் எந்தச் சாமியும் எந்தச் சடங்கும் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இப்போது அதையும் நாம் கெடுக்கிறோம், வேறு விதமாக. பெண்ணாகப் பிறந்தவர் என்று பதிவாகி ஆணாக வாழ்கிறவரையும் 'திருநங்கை' என்றே எழுதுகிறார்கள். அவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்ற சொல் இருக்கிறது.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது 'ஓரினச்சேர்க்கை'. இது வசவுச் சொல் இல்லை, பாடப்புத்தகத் தொனியில் இருக்கிறது, படித்தவர்கள் நம்பி எழுதுகிறார்கள், அதனால்தான் எரிச்சல். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, இருவரும் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனார்கள். இதற்கு 'ஓரினச்சேர்க்கை பெண்கள் நீதிமன்றத்தில் தஞ்சம்' என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகிறது? வழக்கில் இருப்பது அன்பு, வீடு, போலீஸ், பயம். தலைப்பில் இருப்பது படுக்கை. வீட்டை எதிர்த்து ஓடிவந்த ஒரு ஆணையும் பெண்ணையும் 'காதல் ஜோடி' என்று எழுதுகிற அதே கை, இங்கே மட்டும் 'சேர்க்கை' என்று எழுதுகிறது. 'தன்பாலீர்ப்பு' என்று மாற்றினால் செய்தி மனசுக்கு வருகிறது, ஏனென்றால் ஈர்ப்பு என்பது யாரையும் தொடாமலே ஒருவருக்குள் இருப்பது. யாரோடும் வாழாமல் தனியாகவே அறுபது வயதைத் தொட்டவருக்கும் அது பொருந்தும், 'சேர்க்கை' பொருந்தாது. இன்னும் சொல்லப்போனால் அந்தத் தலைப்புக்கு 'காதலித்த இரு பெண்கள் பாதுகாப்பு கேட்டு மனு' என்பதே போதும். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைப் பற்றி எழுதும்போது உடலுறவைச் சொல்லத்தான் வேண்டும், சட்டமே அதைப் பற்றியது. மற்ற இடத்தில் எதற்கு?

அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று சொல்லி உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 ஆகஸ்டில் தமிழக அரசு சொற்களஞ்சியம் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. 'குயர்' என்பதற்குப் பால்புதுமையர், 'இன்டர்செக்ஸ்' என்பதற்கு ஊடுபால் போன்ற சொற்கள் இப்போது செய்திகளில் தென்படுகின்றன. எல்லாம் ஒட்டும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, சில சொற்களில் அலுவலகக் கோப்பு வாசனை தூக்கலாகவே இருக்கிறது. தன்னை கே என்றோ லெஸ்பியன் என்றோ சொல்லிக்கொள்கிறவரிடம் போய் 'தமிழில் சொல்லுங்கள்' என்று பாடம் நடத்துவதும் அத்துமீறல்தான். அதேபோல, திருநங்கைகள் தங்களுக்குள் கேலியாகவோ உரிமையாகவோ புழங்குகிற சொற்கள் உண்டு. அவர்கள் சொல்கிறார்களே என்று நாம் சொல்ல முடியாது. அக்காவை அம்மா திட்டுகிற வார்த்தையில் பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் தெரியும்.

'மூன்றாம் பாலினம்' மட்டும் எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியாத இடம். 2014-ல் உச்ச நீதிமன்றம் உரிமை கொடுத்ததே அந்தப் பெயரில்தான், அதை விரும்பிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 'நான் பெண், அப்புறம் எப்படி மூன்றாவது? முதலாவது யார்?' என்று கேட்கிற திருநங்கைகளும் இருக்கிறார்கள். எதிரில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பெயர்ச்சொல்லை விடுங்கள், வினைமுற்றில் மாட்டிக்கொள்கிறோம். 'திருநங்கை' என்று அழகாக ஆரம்பித்துவிட்டு 'வந்துச்சு, காசு கேட்டுச்சு' என்று முடிப்பவர்கள் ஏராளம். தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டியையும் 'வந்துச்சு' என்றுதான் சொல்வார்கள், அதில் பாசம் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அதே ஆள் அடுத்த வரியில் கண்டக்டரை 'வந்தார்' என்றும், பக்கத்து சீட் அம்மாவை 'சொன்னாங்க' என்றும் சொல்லிவிட்டு, திருநங்கைக்கு மட்டும் 'அது' போடுகிறார் என்றால் அங்கே பாசம் இல்லை. தொல்காப்பியரே இவர்களைச் சொல்லும் சொல்லை உயர்திணையில்தான் வைத்தார். 'அவர் வந்தார்' என்று எழுதப் புதுச்சொல் எதுவும் வேண்டாம், ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.