அந்தப் பையன் செத்துப் போனானா?

பாம்பன் பக்கத்துத் தம்பிகள் சேர்ந்து எடுத்த 15 நிமிடக் குறும்படம். மகன் கடலுக்குப் போயிருக்கிறான், அம்மா கரையில் நிற்கிறாள். அவள் முகம் மெல்லக் கரைந்து, படகில் மகன் வலை இழுக்கிற காட்சி தெரிகிறது. ஊரில் திரையிட்டபோது ஒரு பெரியம்மா சத்தமாகவே கேட்டார், “அந்தப் பய செத்துப் போயிட்டானா?”

எடுத்தவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. பெரியம்மா படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஒரு முகத்தைக் காட்டி அது கரைந்து இன்னொரு காட்சி வந்தால், அவர் எதையோ நினைத்துப் பார்க்கிறார் என்றுதான் நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். காத்திருக்கும் தாய் நினைத்துப் பார்க்கிறாள் என்றால், நம் கரையில் அதற்கு வேறு அர்த்தம் ஏது? அங்கே நேரடியாக கட் வைத்திருந்தால் ‘அவள் இங்கே, அவன் அங்கே, இதே நேரத்தில்’ என்று ஆகியிருக்கும். கதைக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

இப்படிக் கரைந்து மாறுவதற்குப் பெயர்தான் டிசால்வ். முதல் ஷாட் மங்க மங்க அடுத்தது தெளிகிறது. நொடிக்கு 24 பிரேம் கணக்கில், ஒரு நொடி டிசால்வ் என்றால் 24 பிரேம்களுக்கு இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். பிலிம் காலத்தில் எடிட்டர் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார், லேப் செய்து தரும். நேரமும் காசும் ஆகும் என்பதால் யோசித்துத்தான் கேட்பார்கள். இப்போது பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் இரண்டு ஷாட் சேரும் இடத்தில் Ctrl+D அழுத்தினால் முடிந்தது. அந்தப் படத்தில் ஏறக்குறைய எல்லாக் காட்சி மாற்றத்திலும் அதை அழுத்தியிருந்தார்கள்.

இதனால் போனது என்ன தெரியுமா? படத்தின் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பெயின்ட் உரிந்த விசைப்படகு கரையில் நிற்கிறது. அதே இடத்தில் கேமராவை வைத்து, அதே படகைப் புதுப் பெயின்ட்டோடு எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு நொடி டிசால்வ். படகு அசையாமல் நிற்க, நிறம் மட்டும் மாறுகிறது. அருமையான யோசனை. ஆனால் அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வருவதற்கும் டிசால்வ், டீ குடித்து முடிப்பதற்கும் டிசால்வ் என்று பார்த்துப் பழகிவிட்ட கண்ணுக்கு, 61 நாளும் ஒரு டீ குடிக்கிற நேரமாகத்தான் தெரிந்தது.

கடற்கரையில் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு ஷாட்டிலும் கடல் இருந்து, அடிவானம் ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருந்தால், டிசால்வின் நடுவில் திரையில் இரண்டு அடிவானம் நிற்கும். தனுஷ்கோடி காட்சிகளில் இதுதான் நடந்தது. இரண்டு ஷாட்டிலும் வெளுத்த வானம் வேறு, கொஞ்ச நேரம் எதுவுமே புரியவில்லை.

ஏன் இவ்வளவு போட்டீர்கள் என்று எடிட் செய்த தம்பியிடம் கேட்டேன். “கட் பண்ணா ஒட்டவே மாட்டேங்குதுண்ணே” என்றார். சரி, அதுதான் நிஜக் காரணம். ஒரே ஆளை ஏறக்குறைய ஒரே கோணத்தில், ஒரே அளவில் இரண்டு தடவை எடுத்து அடுத்தடுத்து வைத்தால் துள்ளத்தான் செய்யும். அதற்கு நடுவில் அவர் கையையோ வலையின் மிதவையையோ ஒரு ஷாட் வைக்கலாம். இல்லையென்றால் அடுத்த காட்சியின் சத்தத்தை அரை நொடி முன்னாலேயே விட்டால் காது முதலில் போய்விடும், கண் பின்னாலேயே வரும். தம்பியை உட்காரவைத்து எல்லா டிசால்வையும் கழற்றச் சொன்னேன். வெறும் கட்டாகப் பார்த்து, காலம் புரியாமல் குழம்புகிற இடத்தில் மட்டும் திரும்பப் போட்டோம். மிஞ்சியவை இரண்டு. தடைக்காலம் அதில் ஒன்று.

ஃபேட் இதைவிட ஆபத்து. படம் இருண்டு, கறுப்பு ஒரு நொடி நின்றால், ஓர் அத்தியாயம் மூடிவிட்டது என்று பொருள். பார்ப்பவர் மூச்சு விடுகிறார், உட்கார்ந்த இடத்தில் அசைகிறார். இந்தப் படத்தில் மூன்றாவது ஃபேட்டுக்குக் கைதட்டல் விழுந்தது. படம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள், இன்னும் ஆறு நிமிடம் பாக்கி! மகன் கரை திரும்புவதற்கு முந்தைய இரவுக்கு மட்டும் ஒன்றை விட்டோம்.

‘வைப்’ என்கிற மாற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு கோடு நகர்ந்து பழைய படத்தைத் துடைத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவரும். ‘இப்போது வேறு இடம்’ என்று கதைசொல்லி வெளிப்படையாகச் சொல்கிற முறை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1954இல் ‘செவன் சாமுராய்’ படத்தில் வைத்தார், அவரைப் பார்த்து ஜார்ஜ் லூகாஸ் 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வைத்தார். இரண்டுமே கதை சொல்வதை மறைக்காத படங்கள். அமைதியான குடும்பக் கதையில் திடீரென ஒன்று வந்தால் கல்யாண வீடியோ ஞாபகம்தான் வரும்.

வைப் மீது ஆசை விடவில்லை என்றால் ஸ்டேஷனில் ரயில் கேமராவுக்கு மிக அருகில் கடப்பதை எடுங்கள். பெட்டி திரையை முழுசாக மறைக்கிற பிரேமில் வெட்டி, அடுத்த காட்சியையும் லாரியோ படகோ மறைத்து விலகுகிற இடத்திலிருந்து தொடங்கலாம். இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போனால், மறைத்து வெட்டிய இடம் அப்பட்டமாகத் தெரியும்.